விழ வேண்டிய நாணயம் ஏன் ஏறியது?

2008-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜப்பானின் மத்திய வங்கி வைத்திருந்த வட்டி அரை சதவீதம். அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி வைத்திருந்த வட்டி 7.25 சதவீதம். இரண்டும் வளர்ந்த நாடுகள். இரண்டிலும் பணம் தடையில்லாமல் வரலாம், போகலாம். டோக்கியோவில் அரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி, சிட்னியில் ஏழேகால் சதவீதத்துக்குப் போட்டுவைத்தால் நடுவில் ஆறே முக்கால் சதவீதம் மிஞ்சும். இவ்வளவு சுலபமான லாபத்தை உலகம் ஏன் முழுவதுமாக அள்ளிக்கொண்டு போய்விடவில்லை?

இதற்குப் பொருளியல் இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. ஒன்றுக்குக் காப்புள்ள வட்டிச் சமநிலை என்று பெயர். மற்றொன்றுக்குக் காப்பில்லாத வட்டிச் சமநிலை. தாளில் எழுதினால் இரண்டு சமன்பாடுகளும் ஒரே ஒரு குறியீட்டில்தான் வேறுபடும். ஆனால் முதலாவது, தடையற்ற சந்தைகளில் பல பத்தாண்டுகள் தசம புள்ளி பிசகாமல் நடந்தது. இரண்டாவது, சோதித்துப் பார்த்தவர்களையெல்லாம் நாற்பது ஆண்டுகளாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது. அதிக வட்டி தரும் நாணயம் விழ வேண்டும் என்கிறது அது. அந்த நாணயமோ பல காலகட்டங்களில் ஏறியிருக்கிறது.

காப்போடு ஒரு கணக்கு

2008-ன் நடுவில் ஓர் ஆஸ்திரேலிய டாலரின் விலை ஏறத்தாழ 100 யென். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சரியாக 100 என்றே வைத்துக்கொள்வோம். ஓராண்டுக் கடனுக்கும் டெபாசிட்டுக்கும் மத்திய வங்கிகளின் வட்டியே கிடைக்கிறது என்றும் கொள்வோம்.

டோக்கியோவில் ஒருவர் 1 கோடி யென் கடன் வாங்குகிறார். ஓராண்டு கழித்து அவர் திருப்பித் தர வேண்டியது 1,00,50,000 யென். வாங்கிய யென்னை உடனே மாற்றினால் 1,00,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைக்கும். அதை 7.25 சதவீதத்துக்குப் போட்டால் ஓராண்டில் 1,07,250 டாலராகும். இதுவரை எல்லாம் நிச்சயமானவை. நிச்சயமில்லாதது ஒன்றுதான்: ஓராண்டு கழித்து அந்த டாலர்களை மீண்டும் யென்னாக மாற்றும்போது என்ன விலை கிடைக்கும்?

அந்த நிச்சயமின்மையை இன்றே நீக்கிக்கொள்ள வழி உண்டு. வங்கியிடம் போய், "ஓராண்டு கழித்து 1,07,250 ஆஸ்திரேலிய டாலர் தருகிறேன், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டு, இன்றே விலையை எழுதி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இதுதான் முன்பேர ஒப்பந்தம். அன்று சந்தையில் என்ன விலை இருந்தாலும் எழுதியது எழுதியதுதான். காப்பு என்பது இதைத்தான் குறிக்கிறது.

வங்கி என்ன விலை சொல்லும்? 95 யென் சொன்னால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 1,07,250 டாலருக்கு 1,01,88,750 யென் கிடைக்கும். கடன் 1,00,50,000 போக 1,38,750 யென் மிச்சம். கையில் ஒரு யென்கூட இல்லாமல், எந்த ஆபத்தும் இல்லாமல் வந்த லாபம். இதைப் பார்க்கும் ஒவ்வொரு வங்கியும் அதே வேலையைக் கோடிக்கணக்கில் செய்யும். எல்லோரும் ஆஸ்திரேலிய டாலரை முன்பேரத்தில் விற்க வருவதால் அதன் முன்பேர விலை இறங்கும். எதுவரை? கடனும் வரவும் சமமாகும்வரை. 1,00,50,000-ஐ 1,07,250-ஆல் வகுத்தால் 93.71 வருகிறது. வங்கி சொல்லும் விலை அங்கே போய் நிற்கும்.

இன்றைய விலை 100. ஓராண்டுக்குப் பிறகு கைமாற்ற இன்று எழுதும் விலை 93.71. ஆஸ்திரேலியாவில் அதிகமாகக் கிடைத்த வட்டி முழுவதும் இந்த வித்தியாசத்தில் கரைந்துவிடுகிறது. யாரும் எதிர்காலத்தைக் கணிக்கவில்லை, யாரும் ஆஸ்திரேலியாவின் பொருளாதாரத்தை ஆராயவில்லை. இரண்டு வட்டி விகிதங்களையும் இன்றைய விலையையும் வைத்துக்கொண்டு ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு முன்பேரச் சந்தை சூடுபிடித்த காலத்தில், 1923-இல் ஜான் மேனார்டு கெய்ன்ஸ் இந்த விதியைத் தெளிவாக எழுதிவைத்தார். இன்றும் அன்னியச் செலாவணி மேசைகளில் முன்பேர விலையை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

காப்பை நீக்கினால்

இப்போது முன்பேர ஒப்பந்தத்தை எடுத்துவிடுவோம். அதே ஆள், அதே கடன், அதே டெபாசிட். ஓராண்டு முடிவில் சந்தையில் என்ன விலையோ அந்த விலைக்கு மாற்றிக்கொள்வார்.

விலை 93.71-க்கு இறங்கினால் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 100-லேயே நின்றால் 6,75,000 யென் லாபம். 93.71-க்கும் கீழே போனால் நட்டம். சந்தையில் உள்ளவர்கள் லாபத்தை மட்டுமே பார்ப்பவர்கள், ஆபத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்றால், ஆஸ்திரேலிய டாலர் சராசரியாக 93.71-க்கு விழும் என்று அவர்கள் எதிர்பார்த்தாக வேண்டும். அதைவிடக் குறைவாக விழும் என்று நினைத்தால் இன்றே இன்னும் வாங்கியிருப்பார்களே! அந்த வாங்கலே இன்றைய விலையை ஏற்றி, லாபத்தைத் தின்றிருக்கும். ஆக, வட்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அந்த நாணயம் சராசரியாக விழ வேண்டும். இதுதான் காப்பில்லாத வட்டிச் சமநிலை.

முன்பேர விலை இருந்த இடத்தில் எதிர்பார்க்கும் விலையை வைத்திருக்கிறோம்; சமன்பாட்டில் மாறிய ஒரே குறியீடு அதுதான். ஆனால் அந்த மாற்றத்தோடு சமன்பாட்டின் இயல்பே மாறிவிட்டது. முன்னது மீறப்பட்டால், மீறலைக் கண்டவர் ஆபத்தில்லாமல் லாபம் பார்க்கலாம். ஆகவே அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பின்னது மீறப்பட்டால், அதைத் திருத்த வருபவர் ஓராண்டு முழுவதும் ஒரு நாணயத்தைக் காப்பின்றிச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமைக்குக் கூலி கேட்காமல் இருப்பாரா?

ஆறு ஆண்டு ஏற்றம்

2001-இன் கடைசியில் ஓர் ஆஸ்திரேலிய டாலர் ஏறத்தாழ 67 யென். அன்று ஆஸ்திரேலியாவில் வட்டி 4.25 சதவீதம், ஜப்பானில் கிட்டத்தட்டப் பூஜ்யம். அடுத்த ஆறு ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் வட்டி படிப்படியாக ஏறி 6.75 ஆனது. ஜப்பான் 2006-ல்தான் பூஜ்யத்தை விட்டு நகர்ந்தது. மறு ஆண்டு அரை சதவீதத்தை எட்டியதோடு நின்றுவிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து சதவீதம் அளவுக்கு இடைவெளி. கோட்பாடு சரியென்றால் ஆஸ்திரேலிய டாலர் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வீதம் தேய்ந்து, 2007 முடிவில் 50 யென்னுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

2007 முடிவில் அதன் விலை 98 யென்.

மலிவான யென்னில் கடன் வாங்கி ஆஸ்திரேலிய டாலரில் போட்டவர்களுக்கு இரட்டை வரவு: வட்டி வித்தியாசமும் கிடைத்தது, நாணயத்தின் ஏற்றமும் கிடைத்தது. சந்தையில் இந்த வியாபாரத்துக்குக் கேரி டிரேட் என்று பெயர். பெரிய நிதியங்கள் மட்டும் இதில் இறங்கவில்லை. வீட்டிலிருந்தபடியே கணினியில் நாணயம் வாங்கி விற்ற ஜப்பானியச் சிறு முதலீட்டாளர்களும் பெருமளவில் இறங்கினார்கள். அவர்களையெல்லாம் சேர்த்து 'திருமதி வாட்டனாபே' என்ற ஒரே பட்டப்பெயரால் உலக நிதிப் பத்திரிகைகள் அழைத்தன. ஜப்பானிய வங்கியில் சேமிப்புக்கு வட்டியே இல்லாத காலத்தில், குடும்பத்தின் சேமிப்பைக் கடல் கடத்தி அனுப்புவதில் வியப்பில்லை.

ஒரு நாணயத்தின் ஆறு ஆண்டுகளை வைத்து ஒரு கோட்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பல நாணயங்களை வைத்துப் பலமுறை இந்தச் சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் யூஜின் ஃபாமா 1984-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் பெயர்பெற்றது. இந்தச் சோதனையின் கேள்வி எளிமையானது: வட்டி வித்தியாசம் ஒரு சதவீதம் கூடினால் அந்த நாணயம் சராசரியாக எத்தனை சதவீதம் விழுகிறது? கோட்பாடு சொல்லும் விடை 1. வட்டிக்கும் நாணயத்தின் போக்குக்கும் தொடர்பே இல்லையென்றால் விடை 0. ஃபாமாவுக்குக் கிடைத்ததோ பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும் எண்கள். அதாவது, வட்டி கூடக்கூட நாணயம் ஏறுகிறது.

1990 வாக்கில் கென்னத் ஃப்ரூட் என்ற பொருளியலாளர் அதுவரை வெளியான 75 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தார். சராசரி −0.88. சில மதிப்பீடுகள் பூஜ்யத்துக்கு மேலே இருந்தன. 1-ஐ எட்டியது ஒன்றுகூட இல்லை. இந்த எண்கள் காலத்துக்குக் காலம் மாறுபவை, பிழை வரம்பு அகலமானவை. ஆகவே 'அதிக வட்டி நாணயம் எப்போதும் ஏறும்' என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. ஆனால் கோட்பாடு கேட்ட வீழ்ச்சி கண்ணில் படவில்லை என்பது உறுதியானது.

கூலி எதற்கு

பாதி விடை 2008-இன் இரண்டாம் பாதியில் கண்முன்னே நடந்தது. செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. உலகம் முழுவதும் கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஆஸ்திரேலிய டாலரை வைத்திருந்தவர்கள் அதை விற்று யென் வாங்கிக் கடனை அடைக்க ஓடினார்கள். 100 யென்னாக இருந்த ஆஸ்திரேலிய டாலர், அக்டோபரில் ஒரு கட்டத்தில் 60-க்கும் கீழே போனது. ஆறு ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது ஒரு சில வாரங்களில் கரைந்துபோனது. அக்டோபர் 27 அன்று ஜி-7 நாடுகள், யென்னின் அளவுமீறிய ஏற்ற இறக்கம் கவலை தருவதாக அறிக்கை விடும் நிலை வந்தது.

நம் கணக்கில் வரும் ஆள் ஓராண்டு தாக்குப்பிடித்து 2009-இன் நடுவில் மாற்றியிருந்தால் ஏறத்தாழ 78 யென் கிடைத்திருக்கும். 1,07,250 டாலருக்கு 83,65,500 யென். கடனைக் கட்ட இன்னும் 16,84,500 யென் சொந்தப் பையிலிருந்து போட வேண்டும். ஆனால் பெரும்பாலோருக்கு ஓராண்டு தாக்குப்பிடிக்கும் வசதி இல்லை. கையில் 10 லட்சம் யென் வைத்துக்கொண்டு 90 லட்சம் கடன் வாங்கி 1 கோடிக்கு ஆஸ்திரேலிய டாலர் வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 100-லிருந்து 90-க்கு வந்த அன்றே அவருடைய சொந்தப் பணம் முழுவதும் தீர்ந்துவிட்டது. தரகு நிறுவனம் காத்திருக்காது. அவர் கணக்கில் இருக்கும் டாலரை அந்த விலைக்கே விற்றுவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் கீழே தள்ளும். அடுத்தவருடைய கணக்கும் காலியாகும். அன்று ஜப்பானில் சொந்தப் பணத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலாகக் கடனில் நாணயம் வாங்க முடிந்தது. அரசு 2010-இல் அதை 50 மடங்காகவும் 2011-இல் 25 மடங்காகவும் குறைத்தது.

வீழ்ச்சியின் அளவைவிட, அது வந்த நேரம் முக்கியம். ஆஸ்திரேலிய டாலர் சரிந்த அதே வாரங்களில்தான் பங்குச் சந்தைகள் சரிந்தன, வேலைகள் போயின, வங்கிகள் கடன் தர மறுத்தன. வேறு எல்லா வரவும் நின்றுபோன நாளில்தான் இந்த நட்டமும் வந்து சேர்கிறது. ஹன்னோ லுஸ்டிக், ஏட்ரியன் வெர்டெல்ஹான் போன்ற ஆய்வாளர்கள் பல நாணயங்களின் தரவுகளில் இதே போக்கைக் காட்டியிருக்கிறார்கள்: உலகம் நன்றாக இருக்கும்போது அதிக வட்டி நாணயங்கள் லாபம் தருகின்றன, உலகம் சிக்கலில் இருக்கும்போது அவை சேர்ந்தே விழுகின்றன. குறைந்த வட்டி நாணயமான யென் அப்போதுதான் ஏறுகிறது.

வெள்ளத்துக்குக் காப்பீடு விற்கும் நிறுவனத்தின் வரவுசெலவு இப்படித்தான் இருக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பிரீமியம் வந்துகொண்டே இருக்கும். பெருவெள்ளம் வந்த ஆண்டில் சேர்த்ததெல்லாம் போகும். பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இந்த நிறுவனத்துக்கு உழைக்காமல் பணம் வருகிறது' என்று யாரும் சொல்வதில்லை. கேரி டிரேட்டில் கிடைக்கும் வட்டி வித்தியாசமும் பெரும்பகுதி அத்தகைய பிரீமியம்தான். அது ஏற்கனவே கூலியாகக் கொடுக்கப்பட்டுவிட்டதால், நாணயம் அதே அளவுக்கு விழுந்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. கேரி டிரேட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் யென்னை விற்று ஆஸ்திரேலிய டாலரை வாங்குகிறார். ஆள் சேரச் சேர அந்த வாங்கலே நாணயத்தை ஏற்றுகிறது. ஏற்றத்தைப் பார்த்து இன்னும் பலர் வருகிறார்கள். ஆகவே கோட்பாடு வீழ்ச்சியை எதிர்பார்க்கும் காலத்தில் ஏற்றம் நிகழ்கிறது. மார்க்கஸ் புரூனர்மையர், ஷ்டெஃபான் நாகல், லாசே பெடர்சன் ஆகிய மூவரும் இந்தப் போக்கை அளந்தார்கள். வட்டி வித்தியாசம் பெரிதாக இருக்கும் நாணயங்களில், சிறுசிறு ஏற்றங்கள் அடிக்கடியும், பெரிய சரிவு எப்போதாவதும் வருகிறது. சந்தையில் ஊக வணிகர்கள் ஒரே பக்கம் குவியக் குவிய, சரிவின் ஆபத்தும் கூடுகிறது. யென் ஏறினால் இழப்பீடு தரும் விருப்ப ஒப்பந்தங்களின் விலையைப் பார்த்து இந்தப் பயத்தின் அளவை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் சரிவு எந்த நாளில் வரும் என்பதை அதுவும் சொல்லாது.

இது 2008-க்கு மட்டும் உரிய கதையல்ல. 2024 ஜூலை 31 அன்று ஜப்பானிய மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 சதவீதமாக உயர்த்தியது. அதையொட்டி அமெரிக்காவிலிருந்து பலவீனமான வேலைவாய்ப்புத் தகவலும் வந்தது. ஜூலைத் தொடக்கத்தில் 160 யென்னுக்கு மேல் இருந்த அமெரிக்க டாலர் ஆகஸ்ட் 5 அன்று 142 யென் அளவுக்கு வந்துவிட்டது. அதே நாளில் டோக்கியோவின் நிக்கெய் பங்குக் குறியீடு 12.4 சதவீதம் விழுந்தது. நாணயமும் பங்கும் ஒரே நாளில் அடி வாங்கும் அதே அமைப்பு.

எண்ணிக்கையில் அடங்காத ஆபத்து

அப்படியானால் கூலி சரியான அளவில்தான் இருக்கிறதா, அளவுக்கு அதிகமா? இங்கே புள்ளியியலே தடுமாறுகிறது. பெரிய சரிவு இருபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக இருந்தால், நாற்பது ஆண்டுத் தரவில் அது இரண்டே முறைதான் இருக்கும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் சராசரி தலைகீழாகிவிடும். மெக்சிகோவின் பெசோ இதற்கு உதாரணமாகி, ஒரு பெயரையே தந்துவிட்டது. 1954 முதல் ஒரு டாலருக்கு 12.50 பெசோ என்று விலை நிலையாக இருந்தது. ஆனால் பெசோவின் வட்டி டாலரின் வட்டியைவிட ஆண்டுக்கணக்கில் அதிகமாகவே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது சந்தையின் முட்டாள்தனமாகத் தெரிந்தது. 1976-இல் நிலையான விலை கைவிடப்பட்டுப் பெசோ பெருமளவு விழுந்தபோது, அந்த அதிக வட்டி எந்த நாளுக்காகக் காத்திருந்தது என்பது புரிந்தது. தரவில் இன்னும் நிகழாத ஆபத்துக்காகத் தரப்படும் விலையைப் பொருளியலாளர்கள் இன்றும் 'பெசோ சிக்கல்' என்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. 2008-இல் பெரிய சரிவு நிகழ்ந்தே விட்டது. அதற்குப் பிறகும் ஆஸ்திரேலிய டாலர் 2013 ஏப்ரலில் மீண்டும் 100 யென்னைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளின் வட்டி வித்தியாசத்தையெல்லாம் கழித்திருந்தால் அது நிற்க வேண்டிய இடம் அதைவிடக் கீழே. பொறுமையும் சொந்தப் பணமும் இருந்தவர், சரிவையும் கடந்து கூலியைப் பெற்றிருப்பார். கடன் வாங்கி வந்தவர் அதைப் பெற உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

கோட்பாடு வெல்லும் இடம்

வட்டி அதிகமாக இருப்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே காரணம் இல்லை. ஆஸ்திரேலியாவில் அன்று சுரங்கப் பொருள்களுக்கு நல்ல விலை கிடைத்தது, பொருளாதாரம் சூடாக ஓடியது. மத்திய வங்கி விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க வட்டியை ஏற்றியது. அங்கே அதிக வட்டி என்பது பணத்தின் மதிப்பு காக்கப்படும் என்பதற்கான அடையாளம். விலைவாசி கட்டுமீறி ஓடும் நாட்டில் அதிக வட்டி அந்த ஓட்டத்துக்கு ஈடுகட்டத்தான் வருகிறது. அங்கே நாணயம் கோட்பாடு சொன்னபடி விழுகிறது, சில சமயம் அதற்கு மேலும் விழுகிறது. 2016 முடிவில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.5 துருக்கி லிரா. 2023 முடிவில் 29 லிராவுக்கு மேல். அந்த ஆண்டுகளில் லிராவில் கிடைத்த வட்டி இரட்டை இலக்கத்துக்குப் போனபோதும் இந்த வீழ்ச்சிக்கு ஈடாகவில்லை.

காலத்தை நீட்டினாலும் கோட்பாட்டுக்கு வலு கூடுகிறது. மூன்று மாத, ஓராண்டு வட்டிகளை வைத்து நடத்திய சோதனைகளில் தலைகீழான விடை வந்தது. ஐந்து, பத்து ஆண்டுக் கடன்பத்திரங்களை வைத்து மென்சி சின், கை மெரிடித் இருவரும் நடத்திய சோதனையில் விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தது. 1-ஐ நோக்கி நகரவும் செய்தது. குறுகிய காலத்தில் கூலியும் கூட்டமும் ஆட்டிவைக்கும் விலையை, நெடுங்காலத்தில் விலைவாசி வித்தியாசம் இழுத்துப் பிடிக்கிறது.

காப்புள்ள கணக்கிலும் ஒரு விரிசல்

இத்தனைக்கும் நடுவில் காப்புள்ள சமநிலை மட்டும் அசையாமல் நின்றது. 2007 வரை பெரிய நாணயங்களில் அதன் பிசகு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நெருக்கடியின்போது அது உடைந்தது. வங்கிகள் ஒன்றையொன்று நம்பாத காலத்தில் அது இயல்புதான். வியப்பு என்னவென்றால், நெருக்கடி முடிந்த பிறகும் அது முழுவதுமாகச் சேரவில்லை. யென்னைக் கொடுத்து முன்பேர ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்க டாலர் கடன் பெற்ற ஒருவர், நேரடியாக டாலர் கடன் வாங்குபவரைவிட அதிகம் செலுத்தினார். 2016 இறுதியில் அந்த அதிகப்படி அரை சதவீதத்துக்கும் மேலே போனது. அமெரிக்கக் கடன்பத்திரங்களைக் காப்போடு வாங்க விரும்பிய ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தன.

ஆபத்தே இல்லாத லாபம் மேசைமேல் கிடக்கிறது. ஏன் யாரும் எடுக்கவில்லை? வென்சின் டூ, அலெக்சாண்டர் டெப்பர், வெர்டெல்ஹான் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அழகான தடயத்தைப் பிடித்தது. இந்த விரிசல் காலாண்டு முடிவு நாள்களில் திடீரென்று அகலமாகிறது. ஒரு வாரக் கடன் என்றால், அது காலாண்டு முடிவைத் தாண்டும் கணத்தில் விலை எகிறுகிறது. தாண்டிய பிறகு இறங்குகிறது. காலாண்டின் கடைசி நாளில்தான் பல வங்கிகள் தங்கள் சொத்தும் கடனும் எவ்வளவு என்று கண்காணிப்பாளரிடம் கணக்குக் காட்டுகின்றன.

நெருக்கடிக்குப் பிறகு வந்த விதிகள், ஆபத்து உள்ளதோ இல்லாததோ, வங்கியின் மொத்தச் சொத்தில் ஒரு பங்குக்குச் சொந்த மூலதனம் வைக்கச் சொல்கின்றன. அந்தப் பங்கு 3 சதவீதம் என்றும், பங்குதாரர்கள் தங்கள் மூலதனத்துக்கு 10 சதவீதம் வரவு கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், 100 கோடிக்கு இந்த வேலையைச் செய்யும் வங்கி 3 கோடியை ஒதுக்கி, அதற்கு 30 லட்சம் சம்பாதித்தாக வேண்டும். 100 கோடியில் 30 லட்சம் என்பது 0.3 சதவீதம். பிசகு அதைவிடச் சிறியதாக இருக்கும்வரை அதைத் திருத்த வங்கிக்கு எந்த அவசரமும் இல்லை. இடைவெளியை அடைக்கும் மூலதனம் எல்லையற்றதல்ல என்பதைக் கெய்ன்ஸ் 1923-லேயே குறிப்பிட்டிருந்தார்.

இங்கே இரண்டு சமநிலைகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. இரண்டு நாணயங்களுக்கு நடுவில் யாரோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நிற்பதற்குச் செலவே இல்லாத நாள்களில் சமன்பாடு தசமம் பிசகாமல் நடக்கிறது. மூலதனம் கொஞ்சம் முடங்கும் நாள்களில் கொஞ்சம் பிசகுகிறது. நிற்பவர் தன் மொத்தச் சொத்தையும் பணயம் வைக்க வேண்டியிருந்தால், பிசகு ஆண்டுக்குப் பல சதவீதமாகிறது.

இதை மறந்தவர்களில் நிதி நிறுவனங்கள் மட்டும் இல்லை. 2000-களில் ஹங்கேரியில் பல லட்சம் குடும்பங்கள் வீட்டுக்கடனை உள்நாட்டு நாணயமான ஃபோரின்டில் வாங்காமல், வட்டி குறைவு என்பதற்காகச் சுவிஸ் ஃபிராங்கில் வாங்கின. சம்பளம் ஃபோரின்டில், தவணை ஃபிராங்கில். யென்னில் கடன் வாங்கிய வணிகர் செய்த அதே வேலைதான். அவர்கள் அதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்கவில்லை. 2008-இன் நடுவில் ஒரு ஃபிராங்க் 150 ஃபோரின்டுக்கும் கீழே இருந்தது. 2011 ஆகஸ்டில் 250-ஐத் தாண்டியது. சம்பளம் மாறாமல் இருந்த வீடுகளில் கடன் பாக்கி மட்டும் முக்கால் பங்குவரை பெருத்தது. கடைசியில் அரசே தலையிட்டு அந்தக் கடன்களை ஃபோரின்டுக்கு மாற்ற வேண்டிவந்தது.

அந்தக் குடும்பங்களுக்கு வங்கி காட்டிய குறைந்த வட்டி பொய்யில்லை. ஃபோரின்ட் விழாமல் இருந்த ஆண்டுகளில் அவர்கள் மாதாமாதம் உண்மையாகவே மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சம், ஃபிராங்க் ஏறும் ஆபத்தைத் தாங்கியதற்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி. தாங்க ஒப்புக்கொண்டதைத்தான் அவர்கள் அறிந்திருக்கவில்லை. இரண்டு நாணயங்களின் வட்டிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரியும்போது, அது நாளைய விலையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நட்டத்தைச் சுமப்பதற்கு அந்த விலை தரப்படுகிறது, அது வரும் நாளில் நம் கையில் வேறு என்ன மிச்சமிருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.